பில்லைச் சரிபார்க்கப் பில்லே போதும்

மொத்த வியாபாரியிடமிருந்து மளிகைக் கடைக்குச் சரக்கு இறங்கும்போது கூடவே ஒரு பில்லும் வரும். அதில் இருபது முப்பது வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியும் கடைக்காரருக்கு மூன்று இடங்களில் வேண்டும். எத்தனை வந்தது என்பது இருப்புக் கணக்குக்கு. என்ன விலைக்கு வந்தது என்பது அடக்க விலைக்கு. எவ்வளவு வரி கட்டியிருக்கிறோம் என்பது ஜி.எஸ்.டி.யில் வரவு எடுப்பதற்கு. பெரும்பாலான கடைகளில் இதை ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். பில்லைப் படம் பிடித்து, அதில் உள்ளதைக் கணினியே படித்து, சி.எஸ்.வி. கோப்பாகத் தரும் வழி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் கணினி படித்ததை அப்படியே நம்பலாமா என்பதுதான் கேள்வி.

நம்ப வேண்டியதில்லை. சரிபார்ப்பதற்கு வேண்டியதெல்லாம் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

சி.எஸ்.வி. என்பது மிக எளிய கோப்பு. ஒரு பொருளுக்கு ஒரு வரி. வரிக்குள் ஒரு தகவலையும் அடுத்த தகவலையும் பிரிக்க ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான். எக்செல்லிலும் திறக்கலாம், கணக்கு மென்பொருள் பலவற்றிலும் ஏற்றலாம். இந்தக் கட்டுரை முழுவதும் மூன்றே பொருள்கள் உள்ள ஒரு மாதிரி பில்லை வைத்துப் பார்ப்போம். அதன் முடிவு இப்படி இருக்க வேண்டும்:

```
sno,item,hsn,qty,unit,unit_price,disc_pct,taxable,tax_pct,cgst,sgst,igst
1,Tea Dust 250g,0902,24,PCS,118.00,5,2690.40,5,67.26,67.26,0
2,Turmeric Powder 100g,0910,60,PCS,26.50,0,1590.00,5,39.75,39.75,0
3,"Washing Powder 1kg, Lemon",3402,36,PCS,84.75,2,2989.98,18,269.10,269.10,0
```

தேயிலைத்தூள், மஞ்சள்தூள், சலவைத்தூள். பில்லின் அடியில் வரிக்குரிய மதிப்பு 7,270.38 ரூபாய், சி.ஜி.எஸ்.டி. 376.11, எஸ்.ஜி.எஸ்.டி. 376.11, முழு ரூபாயாக்கச் சேர்த்தது 0.40, ஆக மொத்தம் 8,023 ரூபாய் என்று இருக்கிறது.

எந்த விலை, எந்த வரி?

படம் பிடிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ‘ஒன்றின் விலை’ என்ற பத்தியில் எதை எழுதப் போகிறோம்? ஒரே பில்லில் எம்.ஆர்.பி. இருக்கும், ரேட் இருக்கும், தள்ளுபடி போக விலை என்று இன்னொன்றும் இருக்கும். கடைசியில் ‘தொகை’ என்ற தலைப்பில் வருவது சில பில்களில் வரி சேர்ந்தது, சிலவற்றில் சேராதது. இதை வியாபாரிக்கு வியாபாரி மாற்றி எழுதிக்கொண்டு போனால், ஆறு மாதம் கழித்து யாரிடம் விலை குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

தள்ளுபடிக்கு முன், வரிக்கு முன் உள்ள விலையை எழுதுவதே நல்லது. தள்ளுபடிக்குத் தனிப் பத்தி, வரிக்குத் தனிப் பத்தி. ஜி.எஸ்.டி. விதிகளில் 46ஆம் விதி, பில்லில் பொருளின் விவரம், அளவு, வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. வரிக்குரிய மதிப்பு என்பது தள்ளுபடி போன பிறகு, வரி போடுவதற்கு முன் நிற்கும் தொகை. நமக்கு உறுதியான பிடி அதுதான்.

பில்லில் இருக்கும் ரேட் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு பெருக்கலில் தெரிந்துவிடும். தேயிலைத்தூள் 24 பாக்கெட், ரேட் 118 ரூபாய். பெருக்கினால் 2,832. ஐந்து சதவீதத் தள்ளுபடி போக 2,690.40. பில்லில் வரிக்குரிய மதிப்பும் அதேதான். ஆகவே ரேட் வரி சேராதது. இன்னொரு வியாபாரி அதே தூளுக்கு 123.90 என்று போட்டிருந்தால்? இருபத்து நான்கால் பெருக்கித் தள்ளுபடியைக் கழித்தால் 2,824.92 வரும். இது வரிக்குரிய மதிப்போடு பொருந்தாது. அதோடு இரண்டு வரியையும் கூட்டி வருகிற தொகையோடு பொருந்தும். அப்படியானால் அவர் வரியையும் சேர்த்தே ரேட் போடுகிறார். 1.05-ஆல் வகுத்து 118 என்றுதான் கோப்பில் எழுத வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் முதல் இரண்டும் நிரம்பும். வெளிமாநிலத்திலிருந்து வந்த சரக்கானால் மூன்றாவது மட்டும் நிரம்பும். விற்றவரின் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் அது தமிழ்நாட்டுப் பதிவு.

வரி விகிதத்தைப் பில்லிலிருந்துதான் எடுக்க வேண்டும், மனத்திலிருந்தோ பழைய பட்டியலிலிருந்தோ கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் விகிதம் மாறியது. 18 சதவீதமாக இருந்த குளியல் சோப்பு 5 ஆனது. அந்தத் தேதிக்கு முந்தைய பில்லில் 18 இருப்பதுதான் சரி. கணினி அதைத் ‘திருத்தி’ வைத்தால் பில்லோடு கணக்கு ஒட்டாது.

எழுத்து மட்டும் போதாது, இடமும் வேண்டும்

முதலில் வியாபாரியிடம் பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேளுங்கள். பில் போடும் மென்பொருளிலிருந்து நேராக வந்த பி.டி.எஃப்.பில் எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும். அதிலிருந்து எடுத்தால் 8-ஐ 3 என்று படிக்கும் பேச்சே இல்லை. கையில் தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் செய்ய வேண்டும்.

சரக்குக்கான பில் மூன்று படிகளாகப் போட வேண்டும் என்பது விதி. வாங்குபவருக்கு அசல், வண்டிக்கு இரண்டாம் படி, விற்றவருக்கு மூன்றாம் படி. ஸ்கேன் செய்ய அசலையே எடுங்கள். கார்பன் படியில் மை பரவியிருப்பதால் 6-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாது. அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி போதும். சரக்கு எண்ணும்போது பேனாவால் எண்களின் மேலேயே டிக் அடிக்கும் வழக்கத்தை விட்டு, ஓரத்தில் அடிக்கப் பழகினால் பாதிப் பிழைகள் வருவதற்கு முன்பே நின்றுவிடும். முத்திரை குத்துவதும் எண்கள் இல்லாத இடத்தில் இருக்கட்டும்.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் தொழில்நுட்பத்துக்கு ஓ.சி.ஆர். என்று பெயர். எக்செல்லின் கைபேசிச் செயலியிலேயே `Data from Picture` என்ற வசதி இருக்கிறது. சிறிய பில்லுக்கு அது போதும். நிறைய பில்கள் இருந்தால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். எச்.பி. நிறுவனத்தில் 1980-களில் உருவாகத் தொடங்கி, 2005-இல் திறந்த மூலமாக வெளியான மென்பொருள் அது. ஒரே கட்டளையில் வேலை செய்யும்:

```
tesseract bill.png bill --psm 6 tsv
```

இதன் கடைசியில் உள்ள `tsv` என்ற சொல்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் வெறும் எழுத்து வரும், ‘24 118.00 5 2690.40’ என்று எல்லா எண்ணும் ஒரே வரிசையில். இடையில் தள்ளுபடிக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த எண் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். மஞ்சள்தூளுக்குத் தள்ளுபடி இல்லை, கட்டம் வெறுமையாக இருக்கிறது. உடனே 1,590 என்பது தள்ளுபடிப் பத்தியில் போய் உட்காரும். `tsv` சேர்த்தால் ஒவ்வொரு சொல்லும் தாளில் இடமிருந்து எவ்வளவு தூரத்தில், மேலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்ற அளவும் கூடவே வரும். அதை வைத்து எந்தப் பத்திக்கு உரியது என்று பிரிக்கலாம்.

பிரிக்கும்போது பொருளின் பெயரை இடது ஓரத்தாலும், எண்களை வலது ஓரத்தாலும் அளக்க வேண்டும். பில்லில் எண்கள் வலப்பக்கம் சீராக நிறுத்தப்பட்டிருக்கும். 67.26-உம் 269.10-உம் வெவ்வேறு இடத்தில் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடியும். தொடக்கத்தை வைத்துப் பிரித்தால் நீளமான எண் பக்கத்துப் பத்திக்குப் போய்விடும்.

நீளமான பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்தால் அதைத் தனிப் பொருளாக எண்ணிவிடக் கூடாது. வரிசை எண்ணும் தொகையும் இல்லாத வரி, மேல் வரியின் தொடர்ச்சி. அதேபோல இரண்டு பக்கப் பில்லில் ‘முன்பக்கத் தொகை’ என்று வரும் வரியும், கடைசியில் முழு ரூபாயாக்கும் 0.40-உம் பொருள்கள் அல்ல. வரிசை எண் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி இவை எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்.

பிழை எங்கே என்று எண்களே காட்டும்

இப்போது சலவைத்தூள் வரியைப் பாருங்கள். ஓ.சி.ஆர். அதன் விலையை 84.75-க்குப் பதில் 34.75 என்று படித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8 என்ற எண்ணின் இடப்பக்கம் மை மங்கினால் 3 ஆகிவிடும். கண்ணால் பார்த்தால் 34.75-உம் ஒரு விலைதான். சந்தேகமே வராது.

ஆனால் பெருக்கிப் பார்த்தால் 36 × 34.75 = 1,251. இரண்டு சதவீதத் தள்ளுபடி போக 1,225.98. பில்லில் வரிக்குரிய மதிப்பு 2,989.98. எங்கோ தவறு என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று கண்டுபிடிக்க வரியின் மறுமுனையிலிருந்து வர வேண்டும். 2,989.98-க்கு 9 சதவீதம் 269.10. இரண்டு வரிப் பத்திகளிலும் அதுவே இருக்கிறது. ஆகவே 2,989.98 சரி. அதை 0.98-ஆல் வகுத்தால் 3,051. அதை 36-ஆல் வகுத்தால் 84.75. மீதி இல்லாமல் வந்துவிட்டது. தவறிய எண் விலைதான், அதன் சரியான மதிப்பும் கிடைத்துவிட்டது. ஒரு வரியில் ஓர் எண் மட்டும் தவறினால் மற்ற எண்களே அதை மீட்டுக்கொடுக்கும். அப்படி மீட்ட எண்ணையும் தாளில் ஒருமுறை பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. எக்செல்லில் திறந்த பிறகு, வரிக்குரிய மதிப்புக்கு ஒன்றும் வரிக்கு ஒன்றுமாக இரண்டு சூத்திரங்கள் போதும்:

```
=ROUND(D2*F2*(1-G2/100),2)-H2
=ROUND(H2*I2/200,2)-J2
```

விடை இரண்டிலும் பூஜ்யம் வர வேண்டும். சில பில்களில் பூஜ்யம் வராமல் சில பைசா நிற்கும். அதெல்லாம் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. நூறு ரூபாய்க்குள் 18 சதவீத வரியும் அடங்கும்படி விலை வைத்த வியாபாரியின் மென்பொருளில் ரேட் 84.7458 என்று இருக்கும். தாளில் 84.75 என்று அச்சாகும். 36 பாக்கெட்டுக்கு மென்பொருள் போடும் தொகை 3,050.85, நாம் பெருக்கினால் 3,051. வித்தியாசம் 15 பைசா. அச்சில் அரைப் பைசா வரை மறைந்திருக்கலாம் என்பதால், எண்ணிக்கையை அரைப் பைசாவால் பெருக்கி வருவதுவரை விட்டுவிடலாம். இங்கே அது 18 பைசா. அதற்கு மேல் போனால் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வரி வரியாகச் சரிபார்த்த பின் நெடுக்காகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் ஒரு வரியே விடுபட்டுப் போயிருக்கலாம். தாள் மடிந்த இடத்தில் இது அடிக்கடி நடக்கும். நம் பில்லில் வரிக்குரிய மதிப்பின் கூட்டல் 5,680.38 என்று வந்தால், அடியில் உள்ள 7,270.38-இலிருந்து 1,590 குறைகிறது. அது அப்படியே மஞ்சள்தூள் வரியின் தொகை. விடுபட்டது எது என்று தேட வேண்டியதே இல்லை.

ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் 2023 ஆகஸ்ட் முதல் மின் விலைப்பட்டியலின் கியூ.ஆர். குறியீடு இருக்கும். சிலவகை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. பொருள் வரிகள் எல்லாம் அந்தக் குறியீட்டிலேயே இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பில் எண், தேதி, இருவரின் ஜி.எஸ்.டி. எண்கள், மொத்தத் தொகை, முதன்மைப் பொருளின் எச்.எஸ்.என். குறியீடு போன்றவைதான் அதில் உள்ளன. ஆனால் மொத்தம் எத்தனை பொருள் வரிகள் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கிறது. நம் கோப்பில் உள்ள வரிகளை அந்த எண்ணோடு ஒப்பிடலாம். மை மங்கினாலும் மாறாத சரிபார்ப்பு அது.

பெருக்கலுக்கும் தெரியாதவை

எல்லாச் சூத்திரமும் பூஜ்யம் காட்டினாலும் தப்பிப் போகும் பிழைகள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கையும் விலையும் இடம் மாறுவது. 24 பாக்கெட் 118 ரூபாய் வீதம் என்பதும், 118 பாக்கெட் 24 ரூபாய் வீதம் என்பதும் பெருக்கினால் ஒன்றுதான். வரியும் ஒத்துப்போகும், கூட்டலும் ஒத்துப்போகும். இருப்புக் கணக்கில் மட்டும் 94 பாக்கெட் கூடுதலாக ஏறியிருக்கும். இதைப் பிடிக்க அதே பொருளின் போன பில் விலை வேண்டும். 118-க்கு வந்த பொருள் திடீரென 24-க்கு வந்தால் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெட்டியும் பாக்கெட்டும். பில்லில் ‘2 பெட்டி’ என்று இருந்து, ரேட்டும் பெட்டிக்கே போட்டிருந்தால் கணக்குச் சரியாக வரும், ஆனால் இருப்பில் 24 பாக்கெட்டுக்குப் பதில் 2 ஏறும். எண்ணிக்கை பெட்டியிலும் ரேட் பாக்கெட்டுக்கும் இருந்தால் சூத்திரம் காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மடங்கு, இருபத்து நான்கு மடங்கு என்று வந்தால் அது படிப்பதில் நேர்ந்த பிழை அல்ல, அலகில் நேர்ந்த குழப்பம். அதனால்தான் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அலகுக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, எச்.எஸ்.என். குறியீடும் பொருளின் பெயரும். இவற்றை எந்தப் பெருக்கலும் சரிபார்க்காது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். பில்லின் அடியில் குறியீடுவாரியாக வரிச் சுருக்கம் அச்சிட்டிருந்தால் அதோடு ஒப்பிடலாம்.

எக்செல் செய்யும் ‘உதவி’

சரியாக எடுத்த கோப்பு, திறக்கும்போது கெட்டுப்போவதும் உண்டு. சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால், தேயிலையின் 0902 என்ற குறியீடு 902 ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யம் எண்ணுக்குத் தேவையில்லை என்று எக்செல் எடுத்துவிடுகிறது. அப்படியே சேமித்தால் போன பூஜ்யம் திரும்பாது. மருந்துக் கடைப் பில்லாக இருந்தால் 12E5 போன்ற பேட்ச் எண் 1200000 என்ற பொருள் கொண்ட எண்ணாக மாறும். இதைத் தவிர்க்க `Data` மெனுவில் `From Text/CSV` வழியாகத் திறந்து, `Transform Data` என்ற இடத்தில் அந்தப் பத்தியின் வகையை `Text` என்று மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ளதை மாற்றவா என்று கேட்டால் `Replace current` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்புள்ளியும் கவனிக்க வேண்டியது. தாளில் 2,690.40 என்று இருப்பதைக் கோப்பில் 2690.40 என்று எழுத வேண்டும். காற்புள்ளியோடு எழுதினால் அது 2 என்றும் 690.40 என்றும் இரண்டு பத்திகளாக உடைந்து, அந்த வரியில் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். பொருளின் பெயரிலேயே காற்புள்ளி இருந்தால், மேலே சலவைத்தூளுக்குச் செய்திருப்பதுபோல் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிட்டால் போதும். பெயர்களைத் தமிழில் எழுதுவதானால் கோப்பைச் சேமிக்கும்போது `CSV UTF-8` என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

கோப்பு தயாரான பிறகும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள்வரை கணக்குகளையும் பில்களையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். ஸ்கேன் செய்த படத்துக்குப் பில் எண்ணையே பெயராக வைத்து, கோப்போடு சேர்த்து வையுங்கள். குறுக்கே பெருக்கியும் நெடுக்கே கூட்டியும் பில்லோடு ஒத்துப்போகாத எந்த சி.எஸ்.வி.யையும் கணக்கில் ஏற்றாதீர்கள். மூன்று வரிப் பில்லுக்கும் முந்நூறு வரிப் பில்லுக்கும் விதி இது ஒன்றே.